ஒதுங்கிய பஸ் திரும்பி வரும் வழி

டெல்லி ரிங் ரோடு தௌலா குவானைக் கடந்து, மோதி பாக்கைத் தொட்டுக்கொண்டு, பிகாஜி காமா பிளேஸ் வழியாக எய்ம்ஸ் பக்கம் போகிறது. மோதி பாக் நமக்கு அந்நியமான இடம் அல்ல. டெல்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிகளுள் ஒன்று அங்கே இருக்கிறது. அரசு ஊழியர் குடியிருப்புகளில் தலைமுறைகளாகத் தமிழ்க் குடும்பங்கள் வாழ்ந்திருக்கின்றன. 2018இல் பிங்க் லைன் மெட்ரோ வந்த பிறகும், ரிங் ரோட்டைச் சுற்றிவரும் முத்ரிகாவையும் மற்ற டிடிசி பஸ்களையும் நம்பி நிற்பவர்கள் அங்கே குறையவில்லை. அந்தப் பஸ்கள் நிறுத்தத்தைவிட்டுக் கிளம்பும் சில நொடிகளைப் பற்றியதுதான் இந்தக் கட்டுரை. வலது இண்டிகேட்டரைப் போட்டுக் காத்திருக்கும் பஸ்ஸுக்குப் பின்னால் வரும் வண்டி கட்டாயம் வழிவிட வேண்டும் என்று விதி செய்து, அதை அமல்படுத்த வேண்டுமா? பல நாடுகள் அப்படிச் செய்திருக்கின்றன. டெல்லிக்கு அது பொருந்துமா என்று எடைபோடுவதற்கு முன்னால், அந்தச் சில நொடிகளில் ஓட்டுநர் இருக்கையில் என்ன நடக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும்.

சாலையோரத்தை உள்ளே வெட்டி, பஸ் ஒதுங்கி நிற்க அமைக்கும் இடத்துக்குப் பஸ் பே என்று பெயர். ஒதுங்குமிடம் என்று சொல்வோம். உள்ளே போவது எளிது, வெளியே வருவதுதான் கடினம். பன்னிரண்டு மீட்டர் நீளமுள்ள பஸ் அது. ஓட்டுநர் ஸ்டீயரிங்கை வலப்புறம் திருப்பியதும் வண்டியின் வால் இடப்புறம் வீசும். கட்டையோரம் நெருங்கி நிற்பவரை அது தட்டக்கூடும். அதே கணத்தில் இன்னொன்றும் நடக்கிறது. பஸ்ஸின் மூக்கு வலப்பக்கம் சாயச் சாய, வலது கண்ணாடியில் தெரிந்துகொண்டிருந்த சாலை அதன் பார்வைக் கோணத்தைவிட்டு நழுவுகிறது. ஓட்டுநருக்குப் பார்வை மிகவும் தேவைப்படும் நேரத்தில் கண்ணாடி கைவிடுகிறது. ஆகவே நன்றாகப் பழகிய ஓட்டுநர் வண்டி நேராக நிற்கும்போதே எல்லாவற்றையும் பார்த்து முடித்துவிடுவார். கதவை மூடி, இடப்பக்கக் கண்ணாடியில் கட்டையோரத்தைப் பார்த்து, வலது இண்டிகேட்டரைப் போட்டு, வலப்பக்கக் கண்ணாடியில் ஓர் இடைவெளியைத் தேடுவார். அது கிடைத்த பிறகுதான் சக்கரம் திரும்பும்.

எவ்வளவு இடைவெளி வேண்டும்? அமெரிக்காவின் பொதுப் போக்குவரத்துக் கொள்திறன் கையேடு ஏழு நொடி என்று எடுத்துக்கொள்கிறது. மணிக்கு 50 கிலோமீட்டரில் வரும் கார் ஏழு நொடியில் கிட்டத்தட்ட நூறு மீட்டர் வந்துவிடும். அந்த நூறு மீட்டர் காலியாக இருந்தால், யாரையும் பிரேக் போட வைக்காமல் பஸ் தடத்தில் சேர்ந்து வேகம் பிடிக்கலாம்.

இனி கணக்கு. பஸ் சேர வேண்டிய இடது தடத்தில் மணிக்கு 500 வண்டிகள் முன்பின் ஒழுங்கில்லாமல் வருகின்றன என்று வைத்துக்கொண்டால், ஏழு நொடி இடைவெளி கிடைக்கச் சராசரியாக ஐந்து நொடி காத்திருந்தால் போதும். இது யாரும் பொருட்படுத்தாத தாமதம். வண்டிகள் இரண்டு மடங்காகி மணிக்கு 1000 ஆனால், காத்திருப்பும் இரண்டு மடங்காகிப் பத்து நொடி ஆகும் என்று தோன்றும். ஆனால் அது பதினைந்து நொடியாகிறது. 1500 ஆனால் முப்பத்தைந்து. வண்டிகள் ஏறும் வேகத்தைவிட மிக வேகமாகக் காத்திருப்பு ஏறுகிறது. உச்ச நேரத்தில் ரிங் ரோடு போன்ற சாலையில், ஒரு தடத்துக்கு மணிக்கு ஆயிரம் என்பது மிகையான எண் அல்ல.

சராசரியைவிட அதிகக் கேடு செய்வது ஏற்ற இறக்கம். மணிக்கு ஆயிரம் வண்டி வரும் தடத்தில் ஏழு பஸ்களில் ஒன்று காக்காமலேயே கிளம்பிவிடும். வேறொன்று முக்கால் நிமிடம் நிற்கும். அப்படி நின்ற பஸ் அடுத்த நிறுத்தத்துக்குத் தாமதமாகப் போகிறது. அதற்குள் அங்கே கூட்டம் சேர்ந்திருக்கும், ஏற்ற நேரமாகும், இன்னும் பிந்தும். பின்னால் வரும் பஸ்ஸுக்கோ ஆட்கள் குறைவு, அது முன்னதை எட்டிப் பிடித்துவிடும். இருபது நிமிடம் ஒரு பஸ்ஸும் இல்லாமல் பிறகு மூன்று ஒன்றாக வரும் நகரத்து அவஸ்தைக்குக் காரணங்கள் பல. அவற்றுள் இதுவும் ஒன்று.

இந்தக் கணக்கைக் காகிதத்தில் போட்டுப் பார்க்காமலேயே ஓட்டுநர்கள் அறிந்துவைத்திருக்கிறார்கள். உள்ளே போனால் திரும்பி வர நேரமாகும் என்று தெரிந்தவர் உள்ளே போகமாட்டார். இதற்கு டெல்லி ஓட்டுநர்களை மட்டும் குறை சொல்வது தவறு. பஸ் நிறுத்தங்களை எங்கே, எப்படி அமைப்பது என்பது பற்றி அமெரிக்காவில் 1996இல் வெளியான டிசிஆர்பி 19ஆம் அறிக்கை இதையே சொல்கிறது: ஒரு தடத்தில் மணிக்கு ஆயிரம் வண்டிகளைத் தாண்டினால் ஓட்டுநர்கள் ஒதுங்குமிடத்தைப் பயன்படுத்துவதில்லை, வெளியே வருவது அத்தனை சிரமம் என்பதால். தட ஒழுங்கு நிலவும் நாட்டிலேயே நிலைமை இதுதான்.

டெல்லியில் அதன் விளைவு இன்னும் கடுமை. பஸ் ஒதுங்குமிடத்துக்கு வெளியே, இடது தடத்திலோ அதற்கும் அப்பாலோ நிற்கிறது. காலியாகக் கிடக்கும் ஒதுங்குமிடத்தில் ஆட்டோக்களும் இ-ரிக்‌ஷாக்களும் வந்து நிற்கின்றன. அவை நிற்பதால், உள்ளே போக நினைக்கும் நல்ல ஓட்டுநராலும் முழுக்கப் போக முடியாது. வால் சாலையில் நீட்டிக்கொண்டிருக்கக் குறுக்காக நிறுத்துகிறார். பயணிகள் கட்டையிலிருந்து இறங்கித் தார்ச்சாலையில் நடந்து பஸ்ஸை எட்டுகிறார்கள். அவர்களுக்கும் பஸ்ஸுக்கும் இடையே மோட்டார் சைக்கிள்கள் நுழைந்து போகின்றன. தாழ்தளப் பஸ் என்பதன் பயனே கட்டையும் பஸ்ஸின் தளமும் கிட்டத்தட்ட ஒரே மட்டத்தில் சேர்வதுதான். கட்டையிலிருந்து இரண்டு மூன்று மீட்டர் தள்ளி நின்றால், கோணல் முழங்காலோடு ஏறும் முதியவருக்கு அந்த வசதி பாதிக்கு மேல் பறிபோகிறது. திரும்பி வர முடியாமை என்ற ஒரே காரணம், பத்தடி தள்ளி ஏறும் இடத்தில் போய் இவ்வளவு சேதத்தைச் செய்கிறது.

ஆகவே வழிவிடும் விதியை எடைபோடும்போது, அது எத்தனை நொடி மிச்சம் பிடிக்கும் என்பதோடு நிற்கக் கூடாது. ஓட்டுநரை மீண்டும் கட்டையோரம் கொண்டுவந்து நிறுத்துமா என்று கேட்க வேண்டும். எனக்கு இரண்டாவதுதான் முக்கியமான அளவுகோல்.

மற்ற நாடுகள் இதை எப்படிக் கையாள்கின்றன? 1968ஆம் ஆண்டின் வியன்னா சாலைப் போக்குவரத்து உடன்படிக்கை, 15ஆம் பிரிவில், ஊர்ப்பகுதிகளில் நிறுத்தத்தைவிட்டுக் கிளம்பும் பொதுப் போக்குவரத்து வண்டிக்காக மற்றவர்கள் வேகத்தைக் குறைக்கவும் தேவையானால் நிற்கவும் உள்நாட்டுச் சட்டம் வழிசெய்ய வேண்டும் என்று பரிந்துரைக்கிறது. அதே மூச்சில், இண்டிகேட்டர் போட்டபின் விபத்தைத் தவிர்க்க வேண்டிய கடமை பஸ் ஓட்டுநரைவிட்டு நீங்காது என்றும் சொல்கிறது. இந்த இரண்டாம் பாதியை மறந்துவிட்டு முதல் பாதியை மட்டும் பேசுகிறவர்கள் விதிக்குக் கெட்ட பெயர் வாங்கித் தருகிறார்கள். ஜெர்மனியின் சாலை விதி இதைக் கட்டாயமாக்கியிருக்கிறது: குறியிட்ட நிறுத்தத்திலிருந்து பஸ் கிளம்ப இடமளிக்க வேண்டும், தேவையானால் நிற்க வேண்டும். பிரிட்டனின் நெடுஞ்சாலைக் கையேடு 223ஆம் விதியில், பாதுகாப்பாகச் செய்ய முடிகிறபோது முன்னுரிமை கொடுங்கள் என்று அறிவுரையோடு நின்றுகொள்கிறது. ஆஸ்திரேலியாவின் 77ஆம் விதி இவ்விரண்டுக்கும் நடுவில் ஒரு நிபந்தனை வைக்கிறது: பஸ்ஸின் பின்புறத்தில் வழிவிடும் பலகை இருக்க வேண்டும், வலது இண்டிகேட்டர் எரிய வேண்டும், பஸ் ஓரத்திலோ ஒதுங்குமிடத்திலோ நின்றோ மெல்ல நகர்ந்தோ இருக்க வேண்டும். அப்போதுதான் கடமை பிறக்கும்.

சிங்கப்பூர் தேர்ந்த வழி வேறு. 2008 டிசம்பரில் தொடங்கிய திட்டத்தில், கடமையை எல்லா இடத்துக்கும் பொதுவாக விதிக்காமல், தேர்ந்தெடுத்த ஒதுங்குமிடங்களுக்கு மட்டும் விதித்தார்கள். அங்கே ஒதுங்குமிடத்தின் வாயை ஒட்டிச் சாலையில் மஞ்சள் பெட்டியும் வழிவிடும் குறியும் வரைந்திருக்கும். பின்னால் வரும் ஓட்டுநர் பஸ்ஸின் விளக்கை மட்டும் நம்பத் தேவையில்லை. எங்கே நிற்க வேண்டும் என்பதைச் சாலையே காட்டுகிறது. பஸ் வெளியேறும் இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கக் கூடாது என்பதும் வண்ணத்தில் எழுதப்பட்டுவிடுகிறது. நெரிசலில் வண்டிகள் ஊர்ந்துகொண்டிருக்கும்போது இதன் அருமை தெரியும்.

அறிவுரையாக இருந்தாலும் கட்டாயமாக இருந்தாலும், எல்லோரும் கீழ்ப்படிவார்கள் என்று எந்த நாட்டிலும் எதிர்பார்க்க முடியாது. அரைகுறைக் கீழ்ப்படிதலால் பயன் உண்டா? முன்பு பார்த்த மணிக்கு ஆயிரம் வண்டித் தடத்தையே எடுத்துக்கொள்வோம். ஒருவரும் வழிவிடாதபோது சராசரிக் காத்திருப்பு பதினைந்து நொடி. பத்தில் ஒருவர் வழிவிட்டால் அது ஒன்பதாகக் குறைகிறது. நான்கில் ஒருவர் வழிவிட்டால் ஆறு. இந்த விதிக்கு ஆதரவாக என்னிடம் உள்ள வலுவான வாதம் இதுதான்: பெரும்பாலோர் மீறினாலும் இது வேலை செய்கிறது. சிவப்பு விளக்கை மதிக்கும் விதிக்கு இந்த இயல்பு இல்லை, அங்கே பத்தில் ஒன்பது பேர் மீறினால் விதியே இல்லை என்று பொருள். இங்கே ஒருவர் நின்றால் ஒரு பஸ் போய்விடும். அவருக்குப் பின்னால் இரண்டு மூன்று வண்டிகள் சில நொடி தாமதப்படும். நான்கில் ஒருவர் இப்படி நின்றால், பஸ்ஸில் ஐம்பது பேர் சராசரியாக ஒன்பது நொடி முன்னால் போவார்கள்.

இதற்கு எதிரான வாதங்களுள் கனமானது பாதுகாப்பு பற்றியது. அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. மணிக்கு 50 கிலோமீட்டரில் வருபவர் அலுங்காமல் நிற்க, யோசிக்கும் நேரத்தையும் சேர்த்து ஏறக்குறைய 60 மீட்டர் வேண்டும். நாற்பது மீட்டரில் என்றால் பிரேக்கை அழுத்தி மிதிக்க வேண்டும்; அப்போது பின்னால் நெருங்கி வரும் ஸ்கூட்டர்தான் மோதும். இந்தக் கணக்கிலிருந்தே ஓட்டுநருக்கான நடைமுறையும் கிடைக்கிறது. 60 மீட்டரைக் கடக்க நான்கு நொடிக்கு மேல் ஆகும். ஆகவே இண்டிகேட்டர் எரியத் தொடங்கி, சக்கரம் திரும்புவதற்குள் குறைந்தது நான்கு நொடி போக வேண்டும். கதவு மூடிய பிறகே அது எரிய வேண்டும். வந்து நின்றதிலிருந்தே வலது விளக்கைச் சிமிட்டவிட்டு ஏற்றி இறக்கிக்கொண்டிருக்கும் பஸ், பின்னால் வருபவருக்குப் பொய் சொல்கிறது. இரண்டு முறை ஏமாந்தவர் மூன்றாம் முறை விளக்கை மதிக்கமாட்டார். விளக்கும் திருப்பமும் ஒன்றாக நிகழும் பஸ்ஸோ இன்னும் மோசம். அது அனுமதி கேட்கவில்லை, மூக்கை நுழைக்கிறது. விதி வந்தால் இந்த இரண்டு பழக்கங்களுக்கும் சட்டத்தின் கவசம் கிடைத்துவிடும் என்ற அச்சம் நியாயமானது. அதனால்தான் ஓட்டுநரின் கடமையையும் சேர்த்தே எழுதாத விதியை நான் ஏற்கமாட்டேன்.

இரு சக்கர வண்டிகள் இன்னொரு சிக்கல். ஜெர்மானிய விதி ஒரு தடத்தில் ஒரு வண்டி வரும் என்ற எண்ணத்தில் பிறந்தது. இங்கே ஒரு தடத்தில் ஒரு காரும் இரண்டு மோட்டார் சைக்கிள்களும் பக்கம் பக்கமாக வரும். கார் நின்று வழிவிட்டாலும், அதன் இரு பக்கமும் கசியும் வண்டிகள் நிற்பதில்லை. காரின் மறைவிலிருந்து திடீரென வெளிப்படும் மோட்டார் சைக்கிளைப் பஸ் ஓட்டுநரின் கண்ணாடி காட்டாது. எனவே இங்கே ஒருவர் வழிவிட்டதும் கிளம்பிவிடலாம் என்றில்லை. மெல்ல நகர்ந்து, மீண்டும் பார்த்து, பிறகுதான் போக வேண்டும். மேலே சொன்ன ஒன்பதும் ஆறும் இங்கே பதினொன்றும் எட்டும் ஆகலாம். லாபம் சுருங்குகிறது, ஆனால் மறைந்துவிடவில்லை.

இதுவரை தராசு விதியின் பக்கமே சாய்கிறது. ஆனால் டெல்லி தானே எடுத்த ஒரு நடவடிக்கையை உள்ளே கொண்டுவந்தால் கேள்வியே மாறுகிறது. 2022 ஏப்ரல் 1 முதல் டெல்லி அரசு, குறிப்பிட்ட சாலைகளில் இடது தடத்தைப் பஸ்களுக்கும் சரக்கு வண்டிகளுக்கும் ஒதுக்கி அமலாக்கத் தொடங்கியது. தடத்தைவிட்டு வெளியே ஓட்டும் பஸ் ஓட்டுநருக்கு 10,000 ரூபாய் வரை அபராதம் என்றார்கள். தடத்தில் நிறுத்திய வண்டிகளை இழுத்துப்போனார்கள். நோக்கத்தில் குறை இல்லை. ஆனால் இடது தடம் உண்மையில் பஸ்ஸுடையது என்றால், பஸ் ஏன் தன் தடத்தைவிட்டே ஒதுங்க வேண்டும்? தன் தடத்திலேயே கட்டையை ஒட்டி நின்று, ஏற்றி இறக்கி, நேராகக் கிளம்பலாமே. திரும்பிச் சேர்வது என்ற பேச்சே அங்கே எழாது. ஒதுங்குமிடம் என்பது, இடது தடம் கார்களுடையது, பஸ் அதில் விருந்தாளி என்ற எண்ணத்தைக் கான்கிரீட்டில் வார்த்த வடிவம். தடத்தைப் பஸ்ஸுக்குக் கொடுத்துவிட்டு ஒதுங்குமிடத்தையும் வைத்துக்கொள்வது, ஒரே சாலையில் இரண்டு எதிரெதிர்க் கொள்கைகளை எழுதிவைப்பதாகும்.

இதே நகரம் இதை ஒருமுறை சரியாகச் செய்து பார்த்தது. 2008இல் அம்பேத்கர் நகரிலிருந்து மூல்சந்த் வரை திறந்த பிஆர்டி பாதையில் பஸ் சாலையின் நடுவே தன் தடத்தில் போனது, தன் தடத்திலேயே நின்றது, யாருடைய தயவுக்கும் காத்திராமல் நிறுத்தத்தைவிட்டுக் கிளம்பியது. சிக்னல்களில் கார்களை நெடுநேரம் காக்கவைத்தது முதலான வேறு குறைகளால் அந்தத் திட்டம் வெறுப்பைச் சம்பாதித்து, பின்னர் பெயர்த்தெடுக்கப்பட்டது. ஆனால் நிறுத்தத்திலிருந்து கிளம்பும் சிக்கலை அது தீர்த்திருந்தது என்பதை, அதை எதிர்த்தவர்களும் மறுக்க முடியாது. ஐடிடிபி போன்ற அமைப்புகள் இந்திய நகரங்களுக்கு எழுதியிருக்கும் தெரு வடிவமைப்பு வழிகாட்டிகளும், பஸ் இடப்புறம் ஒதுங்கத் தேவையில்லாதபடி, அது போகும் நேர்கோட்டை ஒட்டியே நிறுத்தம் அமைய வேண்டும் என்கின்றன. நடைபாதையை அந்த இடத்தில் சாலைப்பக்கம் நீட்டிக் கட்டினால், காத்திருப்போருக்கு இடமும் கிடைக்கும், ஆட்டோ வந்து அடைக்க மூலையும் இருக்காது.

அப்படியானால் எல்லா ஒதுங்குமிடங்களையும் மூடிவிடலாமா? கூடாது. மேம்பாலச் சரிவில் வண்டிகள் வேகமாக இறங்கி வந்து சேரும் இடத்தை ஒட்டி நிறுத்தம் இருந்தால், ஓடும் தடத்தில் நின்றிருக்கும் பஸ்ஸின் முதுகில் வந்து மோதுவார்கள். அங்கே ஒதுங்குமிடம் உயிர்காப்பு. பல வழித்தட பஸ்கள் ஒரே நேரத்தில் வந்து, ஒன்று ஏற்றிக்கொண்டிருக்க மற்றது தாண்டிப் போக வேண்டிய பெரிய நிறுத்தங்களிலும், பஸ் சில நிமிடம் நின்று நேரம் சரிசெய்யும் இடங்களிலும் அது தேவை. மோதி பாக் பகுதியில் மேம்பாலமும், பல வழித்தடங்கள் கூடும் நிறுத்தங்களும் இருப்பதால், அங்கே ஒரே விடை பொருந்தாது. ஒவ்வொரு நிறுத்தமாகப் பார்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டும்.

என் தீர்ப்பு இது. டெல்லிக்கு வழிவிடும் விதி வேண்டும். ஆனால் ஜெர்மனி போல எல்லா நிறுத்தத்துக்கும் ஒரே வாக்கியமாக அல்ல, சிங்கப்பூர் போலக் குறியிட்ட இடங்களுக்கு மட்டும். காரணம், குறியில்லாத பொது விதியை ரிங் ரோட்டில் யாரும் அமல்படுத்த முடியாது. யார் முதலில் அங்கே இருந்தார்கள் என்ற சச்சரவில்தான் முடியும். சாலையில் வரைந்த பெட்டிக்குள் நின்ற வண்டியைக் கேமரா காட்டிவிடும். இடது தடம் பஸ்ஸுக்கென்று ஒதுக்கப்பட்ட சாலைகளில், வேகமோ பஸ் கூட்டமோ தடுக்காத ஒதுங்குமிடங்களை நிரப்பி நடைபாதையோடு சேர்க்க வேண்டும். அங்கே விதியே தேவைப்படாது. எஞ்சும் ஒதுங்குமிடங்களுக்குத்தான் மஞ்சள் பெட்டி, வழிவிடும் குறி, அமலாக்கம். இவற்றுக்கு முன்னால் ஒதுங்குமிடத்தில் நிற்கும் ஆட்டோவை அகற்ற வேண்டும், ஏனென்றால் உள்ளேயே போக முடியாத பஸ்ஸுக்கு வெளியே வர வழிவிடுவதில் பொருள் இல்லை.

பலன் கிடைத்ததா என்று அறிய அலுவலக அறிக்கைக்குக் காத்திருக்க வேண்டாம். மாலை ஆறு மணிக்கு நிறுத்தத்தில் நின்று இரண்டைப் பார்த்தால் போதும்: கதவு மூடியதிலிருந்து பஸ்ஸின் வால் ஒதுங்குமிடத்தைத் தாண்டும்வரை எத்தனை நொடி, வரும் பஸ்களில் எத்தனை கட்டையை ஒட்டி நிற்கின்றன. முதல் எண் குறைந்து இரண்டாவது ஏறாவிட்டால், ஓட்டுநர்கள் இன்னும் நம்பவில்லை என்று பொருள். அமலாக்கம் தொடர வேண்டும். இரண்டாவது ஏறி, முதல் எண் அப்படியே இருந்தால், ஓட்டுநர்கள் தங்கள் பங்கைச் செய்துவிட்டார்கள், கார்க்காரர்கள் செய்யவில்லை. அப்போது அபராதச் சீட்டு போக வேண்டிய முகவரி பஸ் டிப்போ அல்ல.